உதவித்தொகைப் பிரிவுக்கு எழுதும் பதில்: ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பதும் இல்லாததும்

கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவு ஒட்டும் அறிவிப்பு இப்போதெல்லாம் மாணவர்களிடம் ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் வந்து சேர்கிறது. நோட்டீஸ் போர்டில் ஒட்டியதை ஒருவர் படம் எடுப்பார், வகுப்பு வாட்ஸப் குழுவில் போடுவார், அங்கிருந்து இன்னொருவர் திரையைப் பிடித்து வேறு குழுவுக்கு அனுப்புவார். இப்படிக் கை மாறும்போது மேலே இருக்கும் இரண்டு வரியும் கீழே இருக்கும் இரண்டு வரியும் போய்விடும். போகிற வரிகள்தான் பல நேரம் முக்கியமானவை. எந்தத் திட்டம், எந்தக் கல்வியாண்டு, யாருக்குப் பொருந்தும் என்பதெல்லாம் மேலே இருக்கும். விடுதி மாணவர்கள் கூடுதலாக என்ன தர வேண்டும், எந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும் என்பது கீழே இருக்கும். நடுவில் இருக்கும் ஆவணப் பட்டியல் மட்டும் பத்திரமாக வந்து சேரும்.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இந்தப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள். அவகாசம் கேட்டு வரும் கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். கேட்பவருக்கு உண்மையான காரணம் இருக்கும், கொடுக்க அலுவலகத்துக்கும் மனம் இருக்கும். ஆனாலும் கடிதத்தில் எதைப் பிடித்து முடிவு எடுப்பது என்று தெரியாமல் அது அப்படியே கிடக்கும். அதனால் இந்த முறை எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பதில் எழுத உதவியபோது என்ன செய்தோம் என்பதை விவரமாகவே சொல்கிறேன்.

அந்தப் பெண் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதல் ஆண்டில் வந்திருந்தது, இந்த ஆண்டு புதுப்பிக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தத் திட்டத்தின் வரம்பு. ஆகவே வருமானச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. அவள் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டில் ஐந்து ஆவணங்கள் தெளிவாகத் தெரிந்தன: சாதிச் சான்றிதழ், நடப்பு வருமானச் சான்றிதழ், ஆதார் நகல், ஆதார் இணைத்த வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், முந்தைய ஆண்டு மதிப்பெண் பட்டியல். ஆறாவது வரி பாதியில் வெட்டுப்பட்டு "விடுதி" என்ற சொல்லோடு நின்றுவிட்டது. கடைசித் தேதி 21 என்று இருந்தது. அன்று தேதி 16.

"அக்கா, வருமானச் சான்றிதழ் மட்டும்தான் இல்ல. ஒரு வாரம் டைம் கேட்டா போதும்ல?" என்றாள்.

சரி, உட்கார், ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்றேன். "மட்டும்தான் இல்லை" என்று சொல்பவர்களிடம் பெரும்பாலும் இன்னும் ஒன்றிரண்டு குறை இருக்கும். பதிலில் "மற்ற எல்லாம் தயார்" என்று எழுதிவிட்டு, பிறகு அதில் ஒன்று சரியில்லை என்று அலுவலகமே கண்டுபிடித்தால், அவகாசம் கேட்டதன் நம்பிக்கை போய்விடும். பட்டியலை உறுதி செய்வது என்றால், ஆவணம் வீட்டில் இருக்கிறது என்று சொல்வது மட்டும் போதாது. அறிவிப்பு கேட்ட நிலையில் அது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

சாதிச் சான்றிதழில் பிரச்சினை இல்லை. பள்ளியில் படிக்கும்போதே இ-சேவை வழியாக வாங்கியது. எண்ணும் கியூஆர் குறியீடும் தெளிவாக இருந்தன. ஆதாரில் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போயின. இனிஷியல் ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தது. எழுத்து ஒன்றே என்பதால் இதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனாலும் அலுவலகம் தானாகக் கவனிப்பதற்கு முன் நாமே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. மதிப்பெண் பட்டியல் விஷயத்தில், இரண்டாம் செமஸ்டர் முடிவு இணையத்தில் வந்துவிட்டது, பல்கலைக்கழகம் அச்சிட்டுத் தரும் பட்டியல் இன்னும் கல்லூரிக்கு வரவில்லை. எனவே இது "இருக்கிறது" கணக்கிலும் சேராது, "இல்லை" கணக்கிலும் சேராது. இணையப் பிரதி போதுமா என்று கேட்க வேண்டியது.

வங்கிப் புத்தகத்தில்தான் நான் எதிர்பார்த்த சிக்கல் இருந்தது. அவள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் கணக்கு இருக்கிறது. போன ஆண்டு பணம் வந்ததும் அதில்தான். கணக்கு தொடங்கும்போது ஆதார் கொடுத்தாயிற்று, அதனால் இணைந்திருக்கிறது என்று நினைத்திருந்தாள். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வங்கியில் அடையாளத்துக்காக ஆதார் எண்ணைப் பதிவது ஒன்று. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ-யின் ஆதார் இணைப்புப் பட்டியலில் பதிவாவது வேறு. முதலாவது எத்தனை வங்கியில் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவது ஒரு நேரத்தில் ஒரே ஒரு வங்கிக்குத்தான் இருக்கும், கடைசியாக எந்த வங்கிக்குச் சம்மதம் கொடுத்தோமோ அதற்கு.

பார்ப்பது எளிது. `myaadhaar.uidai.gov.in` தளத்தில் ஆதார் எண்ணும் கைபேசிக்கு வரும் ஓடிபியும் கொடுத்து நுழைந்தால் `Bank Seeding Status` என்று ஒரு பகுதி இருக்கும். அதில் வங்கியின் பெயரும், அது செயலில் இருக்கிறதா என்பதும் தெரியும். அவளுக்கு அதில் வேறொரு வங்கியின் பெயர் வந்தது. சில மாதம் முன்பு தபால்காரர் ஊருக்கு வந்து பலருக்குத் தபால் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு தொடங்கிக் கொடுத்திருக்கிறார், கைரேகை வைத்தபோது இணைப்பும் அங்கே மாறிவிட்டது. அந்தக் கணக்கில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அறிவிப்புக்கு அவள் பழைய வங்கியின் புத்தகத்தைக் கொடுத்திருந்தால், விண்ணப்பத்தில் ஒரு கணக்கும் இணைப்புப் பட்டியலில் வேறு வங்கியும் இருந்திருக்கும். இந்தத் திட்டத்தில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு, மாநில அரசு தன் 40 சதவீதத்தை விடுவித்த பிறகு, ஆதார் வழியாக மாணவர் கணக்குக்கு நேராக வருகிறது. அது எங்கே போயிற்று என்று பிறகு தேடிக்கொண்டிருப்பதைவிட இப்போதே சரிசெய்வது மேல். பழைய வங்கிக்கே இணைப்பை மாற்றிக்கொள்ள முடிவெடுத்தாள். கிளையில் ஒரு சம்மதப் படிவம் கொடுத்தால் போதும், ஆனால் தளத்தில் மாற்றம் தெரியச் சில நாள் ஆகும்.

வங்கி விவரம் எழுதும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்துகள் இருக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில `O` என்று தட்டச்சு செய்து அனுப்புகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

அப்புறம் வருமானச் சான்றிதழ். போன ஆண்டு வாங்கியதற்குக் காலம் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும், பழையதை வைத்துச் சமாளிக்க முடியாது. சான்றிதழ் எண்ணைக் கொண்டு இணையத்திலேயே தேதியையும் தொகையையும் சரிபார்த்துவிடுவார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் புதிதாக விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருந்தாள். அந்த விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வட்டாட்சியர் அலுவலகத்தில் கையொப்பமாக வேண்டும். ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணை வைத்து நிலையைப் பார்த்தோம். வி.ஏ.ஓ. பரிந்துரைத்துவிட்டார், ஆர்.ஐ.யிடம் நிற்கிறது. இதைப் பார்க்காமல் அவகாசம் கேட்பது வீண். சில விண்ணப்பங்கள் குடும்ப அட்டை தெளிவாக இல்லை என்றோ, அப்பாவின் சம்பள விவரம் இல்லை என்றோ நின்றுபோயிருக்கும். அப்படி நின்றிருந்தால் எத்தனை நாள் அவகாசம் வாங்கினாலும் சான்றிதழ் வராது. நாம் பதில் கொடுத்தால்தான் நகரும்.

இப்போதுதான் எத்தனை நாள் கேட்பது என்ற கேள்விக்கே வர முடியும். இதில் இரண்டு தேதிகள் இருப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 21 என்பது கல்லூரி வைத்த தேதி. அதற்குப் பின்னால் அரசின் இணையதளம் மூடும் தேதி ஒன்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்களில்தான் அலுவலகம் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சரிபார்த்து மேலே அனுப்புகிறது. கல்லூரி எழுத்தருக்குத் தன் தேதியைத் தள்ளிப்போட ஓரளவு அதிகாரம் உண்டு. அரசின் தேதியைத் தள்ளிப்போட அவரால் முடியாது, முதல்வராலும் முடியாது. அதனால் "முடிந்த அளவு அவகாசம் தாருங்கள்" என்று எழுதினால் அவர் கை கட்டப்பட்டுவிடும். ஒரு தேதி சொல்லிக் கேட்டால், அது இடைவெளிக்குள் வருகிறதா என்று பார்த்து அங்கேயே பதில் சொல்லிவிடலாம். ஆர்.ஐ. அலுவலகத்தில் விசாரித்ததில் நான்கைந்து நாளில் முடியும் என்றார்கள். நடுவில் ஒரு விடுமுறையும் ஞாயிற்றுக்கிழமையும் வந்தன. 28 என்று கேட்க முடிவு செய்தோம்.

முதலில் அவள் எழுதி வைத்திருந்த வரைவில் வீட்டு நிலைமை முழுக்க இருந்தது. அப்பா வெளியூரில் கட்டட வேலை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இந்தப் பணம் வந்தால்தான் படிப்பு. அத்தனையும் உண்மை. படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்தப் பிரிவுக்கு எழுதுகிற எல்லா வீட்டிலும் அதே நிலைமைதான், அதற்காகத்தானே திட்டமே இருக்கிறது. எழுத்தருக்குக் கோப்பில் குறித்து வைக்கக்கூடிய காரணம் தேவை. அப்பா வெளியூரில் இருப்பதால் சம்பள விவரம் கிடைக்கத் தாமதமாகி, விண்ணப்பிக்கவே தாமதமானது என்ற ஒரு வரி அப்படிப்பட்ட காரணம். அதை மட்டும் வைத்துக்கொண்டோம். கடைசியில் அனுப்பியது இதுதான். பெயர், எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

"பொருள்: போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை புதுப்பித்தல் – ஆவணங்கள் குறித்த பதிலும், வருமானச் சான்றிதழுக்கு 28-ஆம் தேதி வரை அவகாசக் கோரிக்கையும் – (பதிவெண்), இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் அலுவலக அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட் 15-ஆம் தேதி எங்கள் வகுப்புக் குழு வழியாகக் கிடைத்தது. படத்தை இணைத்துள்ளேன். அதில் தெரியும் ஐந்து ஆவணங்களின் நிலை வருமாறு.

சாதிச் சான்றிதழ், ஆதார் நகல் இரண்டையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னும், மதிப்பெண் பட்டியலில் முன்னும் உள்ளது.

மதிப்பெண் பட்டியல்: முதல் செமஸ்டருக்கு அச்சுப் பிரதியும், இரண்டாம் செமஸ்டருக்கு இணையப் பிரதியும் இணைத்துள்ளேன். இணையப் பிரதி போதுமா எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் இணைத்துள்ளேன். ஆதார் இணைப்பு தற்போது வேறு வங்கியில் இருப்பதால், இதே கணக்குக்கு மாற்ற இன்று படிவம் கொடுத்துள்ளேன். மாறியதும் அதன் பிரதியை அனுப்புகிறேன்.

வருமானச் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை. தந்தை வெளியூரில் பணிபுரிவதால் விவரம் பெறத் தாமதமாகி, 11-ஆம் தேதி விண்ணப்பித்தேன். விண்ணப்பம் வருவாய் ஆய்வாளர் நிலையில் உள்ளது. ஒப்புகைச் சீட்டு இணைப்பில் உள்ளது. இந்த ஒரு சான்றிதழையும் ஆதார் இணைப்புப் பிரதியையும் 28-ஆம் தேதி மாலைக்குள் ஒப்படைக்க அனுமதிக்க வேண்டுகிறேன். இணையதளம் அதற்கு முன் மூடப்படுமானால், நான் தர வேண்டிய கடைசி நாளைத் தெரிவித்தால் அதற்கேற்ப முயல்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட்டில் ஆறாவது வரி முழுமையாகத் தெரியவில்லை. நான் விடுதியில் தங்கவில்லை, வீட்டிலிருந்து வந்து படிக்கிறேன். அந்த வரி எனக்குப் பொருந்துமா என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(பெயர், பதிவெண், கைபேசி எண்)"

ஆறாவது வரியைப் பற்றிக் கேட்டது சின்ன விஷயமாகத் தெரியலாம். விடுதியில் தங்குபவருக்கும் வீட்டிலிருந்து வருபவருக்கும் பராமரிப்புத் தொகை வேறு. விடுதி என்றால் காப்பாளரின் சான்று தேவைப்படலாம். வெட்டுப்பட்ட வரியை நாமே ஊகித்து விட்டுவிட்டு, பிறகு ஓர் ஆவணம் குறைகிறது என்று தெரிந்தால் அதற்கு இன்னொரு முறை அவகாசம் கேட்க வேண்டியிருக்கும். இரண்டாம் முறை கேட்பது கடினம். ஸ்கிரீன்ஷாட்டையே இணைத்ததற்கும் காரணம் உண்டு. நாம் எதைப் பார்த்துப் பதில் எழுதுகிறோம் என்று அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். பழைய ஆண்டின் அறிவிப்போ, வேறு துறையின் அறிவிப்போ சுற்றிக்கொண்டிருந்தால் அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைத் திட்டத்துக்கான பட்டியலைப் பார்த்து ஆதிதிராவிடர் நலத்துறைத் திட்டத்துக்கு ஆவணம் தயாரித்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கையில் இருந்ததை உடனே அனுப்பச் சொன்னதிலும் நான் பிடிவாதமாக இருந்தேன். எல்லாம் சேர்ந்ததும் மொத்தமாகக் கொடுக்கலாம் என்று காத்திருந்தால், சாதிச் சான்றிதழில் ஏதாவது குறை இருப்பது 28-ஆம் தேதிதான் தெரியும். முன்கூட்டியே கொடுத்தால் எழுத்தர் பார்த்து முடித்துவிடுவார், வருமானச் சான்றிதழ் வரும்போது அதை மட்டும் சேர்த்தால் போதும். கோப்புகளுக்குப் பெயர் வைப்பதும் இதில் சேரும். `IMG_4471.jpg` என்று வரும் படம் யாருடையது என்று பதிவிறக்கிய பிறகு தெரியாது. பதிவெண்ணை முன்னால் வைத்து `23PHY017_community.pdf` போலப் பெயரிட்டால் தொலையாது. ஆதார் எண்ணைக் கடிதத்தின் உள்ளே எழுத வேண்டாம், இணைப்பில் இருப்பது போதும்.

ஒப்புகைச் சீட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அது அலுவலகத்துக்குக் காரணம் காட்ட மட்டும்தான். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் `umis.tn.gov.in` தளத்தில் வருமானச் சான்றிதழ் விவரம் கேட்கும் இடத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு முடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விண்ணப்ப எண் வேறு, சான்றிதழ் எண் வேறு. தவறான எண்ணோடு சமர்ப்பித்துவிட்டால், அதைத் திருத்தக் கல்லூரி திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், கடைசி நாட்களில் அதற்கு நேரம் இருக்காது.

மின்னஞ்சலை அறிவிப்பின் அடியில் அச்சிட்டிருந்த முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும். அது ஸ்கிரீன்ஷாட்டில் இல்லை, ஆகவே அவள் மறுநாள் கல்லூரியில் விசாரித்து வாங்கிவந்தாள். வகுப்புக் குழுவில் படத்தைப் போட்டவருக்குப் பதில் எழுதினால் அலுவலகத்துக்குச் சொன்னதாகாது. இரண்டு வேலை நாள் பதில் வரவில்லை. அப்போது கடிதத்தின் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொண்டு நேரில் போகச் சொன்னேன். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையொப்பம் வாங்க வேண்டும். அவகாசம் கிடைக்குமா என்பதைவிட, 21-க்கு முன்பே கேட்டோம் என்பதற்குச் சான்று இருப்பது முக்கியம். கடைசித் தேதி தாண்டிய பிறகு கேட்டால் அது தாமதம், முன்பே கேட்டால் அது கோரிக்கை.

எழுத்தர் அங்கேயே பார்த்துச் சொன்னார். ஆறாவது வரி விடுதி மாணவர்களுக்கு மட்டும். செமஸ்டர் முடிவின் இணையப் பிரதி போதும், துறைத் தலைவர் கையொப்பம் வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு 28 முடியாது, 26 வரை தரலாம், ஏனென்றால் சரிபார்ப்பு முடித்து மேலே அனுப்ப அவருக்கு இரண்டு நாளாவது வேண்டும். அவள் 26-க்கு ஒப்புக்கொண்டாள். அதைப் பிரதியின் ஓரத்தில் எழுதித் தரவும் கேட்டாள், தந்தார். அதே பிரதியை வைத்துக்கொண்டு ஆர்.ஐ. அலுவலகத்தில் போய், கல்லூரி 26 வரைதான் நேரம் தந்திருக்கிறது என்று காட்டினாள். ஒரு தேதி எழுத்தில் இருந்தால் அங்கேயும் அது உதவும்.

சான்றிதழ் 25-ஆம் தேதி கைபேசிக்குச் செய்தியாக வந்தது, இ-சேவையில் பதிவிறக்கி அன்றே அனுப்பினாள். வங்கி இணைப்பு 26 காலையிலும் தளத்தில் பழையபடியே காட்டியது. அதற்குக் கிளை மேலாளரின் முத்திரையோடு படிவத்தின் நகலைக் கொடுத்தாள். கணக்கு விவரம் மாறவில்லை, இணைப்பு மட்டும்தான் பாக்கி என்பதால் விண்ணப்பத்தை மேலே அனுப்பத் தடை இல்லை என்றார்கள். பணம் விடுவிக்கும் நேரத்துக்குள் இணைப்பு செயலுக்கு வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வாரம் தளத்தில் சரியான வங்கியின் பெயர் வந்தது.

ஒருவேளை அரசுத் தளம் மூடும் தேதியே தாண்டிவிட்டிருந்தால் இந்தக் கடிதம் எதற்கும் ஆகாது. அப்போது கல்லூரியிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல், அரசு தேதியை நீட்டித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீட்டிப்பு இல்லையென்றால், கையொப்பம் வாங்கிய பிரதியோடு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அங்கே முதலில் கேட்பது, கல்லூரியில் எந்தத் தேதியில் என்னென்ன கொடுத்தாய் என்பதைத்தான்.